வாரம் அரை மணி நேரத்தில் சிறு கூகுள் விளம்பரக் கணக்கைக் கவனிப்பது எப்படி: கிளிநொச்சித் தண்ணி மோட்டர் கடை ஒன்றின் கணக்கோடு

கடையையும் பார்த்து, வயலையும் பார்த்து, இடையில் கூகுள் விளம்பரத்தையும் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் மட்டும் போடுகிற கணக்குகள்தான் இங்கே பேச்சு. பெரிய நிறுவனங்களுக்குச் சொல்லப்படுகிற ஆலோசனைகள் இந்த அளவுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கிளிக் வரும், எண்களைப் பார்த்தே முடிவெடுக்கலாம். நமக்கு வருவது நூறுக்குள்தான். அதனால் எண்களை விட, ஆட்கள் கூகுளில் என்ன எழுதித் தேடினார்கள் என்பதை வாசிப்பதுதான் நமக்கு அதிகம் உதவும். அரை மணியில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியில் தண்ணி மோட்டரும் மண்ணெண்ணெய், பெற்றோல் பம்புகளும் திருத்துகிற கடை. உதிரிப்பாகமும் விற்கும், ஆனால் புதுப் பம்ப் விற்பதில்லை. ஒரு பக்கத்தில் முடிகிற சின்ன இணையத்தளம் இருக்கிறது, அதில் பெரிதாக ஒரு அழைப்புப் பொத்தான். அந்தப் பொத்தானை யாராவது அழுத்தினால் `Conversions` என்ற நிரலில் ஒன்று கூடும்படி கணக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. நாள் செலவு 600 ரூபாய். கீழே வரும் எண்கள் விளங்குவதற்காக நான் போட்டவை. ஆனால் இப்படியான பட்டியலைத்தான் உங்கள் கணக்கிலும் காண்பீர்கள்.

முதலில் ஐந்து நிமிடம்: ஓடுகிறதா, யாராவது கை வைத்தார்களா

கிழமையில் ஒரு நாளைத் தெரிந்துகொண்டு அதே நாளிலேயே உட்காருங்கள். திகதியில் இன்றைய நாளை விட்டுவிட்டு, முடிந்த ஏழு நாட்களைத் தெரிவு செய்யுங்கள். இன்றைய நாளையும் சேர்த்தால் அரைநாள் கணக்கு உள்ளே வந்து, செலவு குறைந்த மாதிரி ஒரு தோற்றம் தரும்.

விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறதா, வங்கி அட்டையில் பணம் எடுபடாமல் நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஒரு நாளில் 600 என்று போட்டிருக்க 1,150 போயிருக்கிறதே என்று பதற வேண்டாம். கூகுள் ஒரு நாளில் நீங்கள் சொன்ன தொகையின் இரண்டு மடங்கு வரை செலவழிக்கலாம். மாதத்துக்கு நாள் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டக்கூடாது என்பதுதான் அதன் கட்டுப்பாடு. 600 ரூபாய் என்றால் மாதத்துக்கு 18,240. அதைத்தான் உங்கள் உண்மையான செலவாக மனதில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது `Change history`. நீங்கள் செய்யாத மாற்றம் ஏதாவது அங்கே இருக்கிறதா என்று ஒரு பார்வை. கூகுளின் `Recommendations` பக்கத்தில் சில பரிந்துரைகள் தானாகவே நடைமுறைக்கு வரும்படி ஒரு ஏற்பாடு உண்டு. கணக்கைத் திறக்கிற அவசரத்தில் அதற்குச் சரி என்று அழுத்தியிருந்தால், புதுத் தேடல் சொற்கள் உங்களுக்குத் தெரியாமலே சேர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கத்தில் `Auto-apply` என்பதைத் திறந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். அதே பக்கத்தில் உங்கள் கணக்குக்கு 68, 74 என்று ஒரு மதிப்பெண்ணும் தெரியும். கூகுளின் பரிந்துரைகளோடு உங்கள் அமைப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. சில பரிந்துரைகளை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாலே மதிப்பெண் ஏறும் என்பதைப் பார்த்தால் அதன் பெறுமதி விளங்கும்.

அடுத்த பதினைந்து நிமிடம்: என்ன எழுதித் தேடினார்கள்

`Insights and reports` என்பதற்குள் `Search terms` இருக்கும். நீங்கள் கொடுத்த கீவேர்ட் வேறு, ஆட்கள் தட்டச்சு செய்த தேடல் வேறு. நீங்கள் water pump repair என்று கொடுத்திருப்பீர்கள். அது எந்தெந்தத் தேடலுக்கெல்லாம் காட்டப்பட்டது, அதில் எது காசு தின்றது என்பதை இந்தப் பட்டியல் சொல்லும். செலவு கூடியது மேலே வருமாறு அடுக்கிக்கொள்ளுங்கள்.

நம் கடையில் அந்த வாரம் மொத்தம் 96 கிளிக், 4,080 ரூபாய், 12 பேர் அழைப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அதாவது எட்டுக் கிளிக்குக்கு ஒரு அழைப்பு, ஒரு அழைப்புக்கு 340 ரூபாய். பட்டியல் இப்படி:

- `water pump price in sri lanka`: 21 கிளிக், 860 ரூபாய், அழைப்பு இல்லை
- `water pump repair kilinochchi`: 14 கிளிக், 590 ரூபாய், 5 அழைப்பு
- `bike fuel pump repair`: 7 கிளிக், 320 ரூபாய், அழைப்பு இல்லை
- `kerosene water pump spare parts`: 5 கிளிக், 230 ரூபாய், அழைப்பு இல்லை
- `தண்ணி மோட்டர் திருத்தும் கடை`: 6 கிளிக், 210 ரூபாய், 2 அழைப்பு
- `breast pump price`: 5 கிளிக், 190 ரூபாய், அழைப்பு இல்லை
- `motor winding course`: 4 கிளிக், 170 ரூபாய், அழைப்பு இல்லை

கூட்டிப் பார்த்தால் 62 கிளிக்தான் வரும். மிச்சம் 34 எங்கே என்று தேட வேண்டாம். மிகச் சிலரே தேடிய சொற்களை 2020 செப்டெம்பரிலிருந்து கூகுள் இந்தப் பட்டியலில் தனித்தனியாகக் காட்டுவதில்லை, மொத்தமாக ஒரு வரியில் போட்டுவிடும். தெரிகிறதைத் திருத்தினால் மறைந்திருப்பதிலும் ஒரு பகுதி தானாகத் திருந்தும்.

இப்போது ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை எழுதித் தேடிய ஆள் என் கடைப் படியேறக்கூடியவரா?

தாய்ப்பால் எடுக்கும் பம்ப் தேடிய தாய்க்கும், மோட்டார் சைக்கிளின் எரிபொருள் பம்பைத் திருத்த நினைத்த பெடியனுக்கும், வைண்டிங் படிக்க விரும்புகிறவருக்கும் இந்தக் கடையில் வேலையில்லை. இதற்கு எண் பார்க்கவே தேவையில்லை. ஒரு கிளிக் வந்தாலும் தடுக்க வேண்டியவைதான்.

மண்ணெண்ணெய்ப் பம்பின் உதிரிப்பாகம் தேடியவர் நம் ஆள். ஐந்து கிளிக்குக்கு அழைப்பு இல்லை என்பதற்காக அதை வெட்டக்கூடாது. எட்டுக்கு ஒன்று என்ற சராசரியில், நல்ல தேடலாக இருந்தாலும் ஐந்து கிளிக்கில் ஒரு அழைப்பும் வராமல் போக ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. சராசரியைப் போல மூன்று மடங்கு, அதாவது 24 கிளிக் வரை பொறுத்துப் பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால்தான் அந்த வெறுமைக்கு அர்த்தம் இருக்கும். ஒரு வாரத்தில் அவ்வளவு சேராது. அப்படிப்பட்ட வரிகளுக்குத் திகதியை மூன்று மாதத்துக்கு விரித்துப் பாருங்கள்.

இரண்டுக்கும் இடையில் நிற்பது முதல் வரி. 21 கிளிக், ஒரு அழைப்பும் இல்லை. சந்தேகப்பட இது போதும். கூடவே சொற்களையும் வாசியுங்கள்: price in sri lanka என்று எழுதுகிறவர் புதுப் பம்பின் விலையை நாடு முழுக்க ஒப்பிடுகிறார். திருத்துகிற கடையை அவர் தேடவில்லை. எண்ணும் சொல்லும் ஒரே பக்கம் சாய்வதால் தடுக்கலாம்.

இந்த நான்கு வரிகளுக்கும் போனது 1,540 ரூபாய், வாரச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 340 ரூபாய்க்கு ஒரு அழைப்பு என்ற கணக்கில் நான்கு அழைப்புகளுக்கான காசு.

தடுக்கும்போது கை வழுக்கும் இடங்கள்

பட்டியலில் ஒரு வரியைத் தெரிவுசெய்து `Add as negative keyword` என்று அழுத்தினால், அந்தத் தேடலை அச்சொட்டாக அப்படியே தடுக்கும்படிதான் கூகுள் சேர்க்கும். அதாவது சதுர அடைப்புக்குள் `[breast pump price]` என்று விழும். அடுத்த வாரம் ஒருவர் breast pump colombo என்று தேடினால் விளம்பரம் மறுபடி போகும். வாராவாரம் தடுத்தும் குறையவில்லை என்று சொல்கிறவர்கள் பலருக்கு இதுதான் காரணம். அழுத்துவதற்கு முன் எழுத்தைத் திருத்தி, எந்தச் சொல் ஆளைக் காட்டிக்கொடுக்கிறதோ அதை மட்டும் விடுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் வருகிற எல்லாத் தேடலும் தடைபடும். குறியே இல்லாமல் போட்டால், அந்தச் சொற்கள் எல்லாம் எந்த வரிசையில் வந்தாலும் தடைபடும்.

நம் கடைக்கு இந்த வாரம் இவ்வளவு போதும்:

```
"breast pump"
"fuel pump"
bike
course
courses
"price in sri lanka"
```

ஏன் price என்று தனியாகப் போடவில்லை? water pump repair price kilinochchi என்று தேடுகிறவர் திருத்தக் கூலி கேட்கிறவர், நல்ல வாடிக்கையாளர். அவரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். அதைவிட ஆபத்தானது petrol. பைக்காரரைத் தடுக்கிறேன் என்று petrol என்பதைப் போட்டால், வயலுக்குத் தண்ணி இறைக்கிற பெற்றோல் பம்ப் பழுதாகித் தேடுகிற விவசாயியும் போய்விடுவார். கொழும்பில் இருந்து கணக்கைப் பார்க்கிற ஒருவருக்கு இது தோன்றாது. வட்டக்கச்சியிலும் அக்கராயனிலும் என்ன மெசின் ஓடுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் தோன்றும். ஒவ்வொரு தடைச் சொல்லையும் சேர்க்கும் முன், அது உள்ளடங்கிய ஒரு நல்ல தேடலை உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தச் சொல்லைத் தனியாகப் போடாதீர்கள்.

courses என்று பன்மையையும் ஏன் போட்டிருக்கிறது? சாதாரண கீவேர்டுக்குக் கூகுள் ஒத்த கருத்துள்ள சொற்களையும் தானாக எடுத்துக்கொள்ளும். தடைச் சொல்லுக்கு அப்படிச் செய்யாது. ஒருமை, பன்மை, ஒத்த சொல் எல்லாம் தனித்தனி. எழுத்துப்பிழையை மட்டும் ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. நம் சொற்கள் வேற்றுமை உருபேற்று வடிவம் மாறுகிறவை. வேலை என்று தடுத்தால் வேலைக்கு, வேலைவாய்ப்பு, வேலைகள் எதுவும் தடைபடாது, ஏனென்றால் கூகுள் முழுச் சொல்லாகத்தான் பொருத்திப் பார்க்கும். போதாததற்கு ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே கருத்துக்கு இவ்வளவு தேவைப்படும்:

```
வேலை
வேலைக்கு
வேலைவாய்ப்பு
velai
velaivaippu
job
jobs
vacancy
vacancies
```

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மோட்டர் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்தான் உங்களுக்கு மிகவும் தேவையானவர். தனியாக வேலை என்று போட்டால் அவர் போய்விடுவார். velai என்பதும் அப்படியே. ஆகவே திருத்துகிற கடைக்கு மேலே உள்ள பட்டியலில் முதல் வரியையும் நான்காம் வரியையும் எடுத்துவிட வேண்டும். சாப்பாட்டுக் கடைக்கோ உடுப்புக் கடைக்கோ அப்படியே விடலாம். அடுத்தவர் தருகிற ஆயத்தத் தடைப்பட்டியலை வாங்கி ஒட்டக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மூன்று, நான்கு வாரம் தடுத்தும் சம்பந்தமில்லாத தேடல்கள் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தால், கோளாறு தடைப்பட்டியலில் இல்லை. கீவேர்டைக் குறியே இல்லாமல் விரிந்த பொருத்தத்தில் விட்டிருப்பீர்கள். `water pump repair` என்று இருப்பதை `"water pump repair"` என்று மேற்கோளுக்குள் மாற்றுங்கள். கிளிக் குறையும், பொருத்தம் கூடும்.

ஏழெட்டு நிமிடம்: ஒரே ஒரு மாற்றம்

தடைச் சொற்களை எத்தனையும் சேர்க்கலாம். அதைத் தவிர ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம்தான். நாள் செலவையும் விளம்பர வாசகத்தையும் கிளிக்குக்கான உச்ச விலையையும் ஒரே நாளில் மாற்றினால், அடுத்த வாரம் அழைப்பு கூடியதும் குறைந்ததும் எதனால் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவு சிறிய கணக்கில் மாற்றத்தின் பலன் தெரிய இரண்டு வாரமாவது எடுக்கும்.

இந்த வாரம் எதை மாற்றுவது என்பதையும் அதே பட்டியல்தான் சொல்லும். தமிழில் தேடியவர்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் அழைத்திருக்கிறார்கள், கிளிக் ஒன்றுக்கு 35 ரூபாய்தான். ஆறு கிளிக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் சொற்களை வாசித்தால் இதைவிட நேரான தேடல் கிடையாது. ஆகவே `"தண்ணி மோட்டர் திருத்தும்"` என்பதைத் தனிக் கீவேர்டாகச் சேர்த்து, தமிழ்த் தலைப்போடு ஒரு விளம்பரம் எழுதலாம். கூகுள் 2018 முதல் தமிழ் விளம்பரங்களை ஏற்கிறது. மொழி அமைப்பு உங்கள் கணக்கில் தெரிந்தால் அதில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் வைத்திருங்கள். தமிழில் தேடுகிறவர்களிலும் பலருடைய போன் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

தலைப்புக்கு 30 எழுத்து எல்லை. தமிழில் எழுதும்போது புள்ளியும் கொம்பும் விசிறியும் தனி எழுத்தாகக் கணக்கில் ஏறும். "கிளிநொச்சியில் மோட்டர் திருத்தம்" என்பது இடைவெளிகளோடு கண்ணுக்கு 18 எழுத்து. பெட்டியின் கீழே அது 32 என்று காட்டி, ஏற்க மறுக்கும். "கிளிநொச்சி மோட்டர் திருத்தம்" என்று "யில்" என்பதை எடுத்துவிட்டால் 28, உள்ளே அடங்கும்.

வேறு வாரங்களில் இந்த ஒரு மாற்றத்துக்கு வன்னிக் கணக்குகளில் நான் முதலில் பார்ப்பது இடமும் நேரமும். கிளிநொச்சியைச் சுற்றி 30 கிலோமீற்றர் என்று வட்டம் போட்டால் பரந்தனும் மாங்குளமும் உள்ளே வரும், புதுக்குடியிருப்பும் யாழ்ப்பாணமும் வராது. ஆனால் இட அமைப்பு, நீங்கள் மாற்றாதவரை, அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும். வன்னியின் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், ஊரின் பெயரைப் போட்டு ரொறன்ரோவிலும் லண்டனிலும் தேடுகிறார்கள். `When and where ads showed` என்ற பக்கத்தில் வெளிநாட்டுக் கிளிக் தெரிந்தால் `Location options` என்பதில் `Presence` என்று தொடங்கும் தெரிவுக்கு மாற்றுங்கள். ஆட்களின் இருப்பிடத்தைக் கூகுள் எப்போதும் சரியாகக் கணிப்பதில்லை, அதனால் வட்டத்தை ஐந்து, பத்துக் கிலோமீற்றராக இறுக்கவும் வேண்டாம். கனடாவில் இருக்கிற மகன் ஊரில் தனியே இருக்கிற தாயின் மோட்டருக்கு ஆள் தேடுவதும் நடக்கிறதுதான். அந்த வேலை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு விளம்பரம், தனிச் செலவு, வாட்ஸப் எண் என்று பிறகொரு நாள் அமைக்கலாம்.

நேரத்தில் வருகிற கோளாறு பலருக்குப் புரிவதில்லை. கணக்கை வெளிநாட்டில் இருக்கிற அண்ணா திறந்து தந்திருந்தால், அதன் நேரமும் அந்த நாட்டு நேரமாக இருக்கலாம். கனடா ரொறன்ரோ நேரத்தில் இருக்கிற கணக்கில் காலை 8 முதல் மாலை 6 வரை என்று போட்டால், அங்கே கோடைகாலத்தில் உங்கள் விளம்பரம் இங்கே மாலை 5.30க்குத் தொடங்கி அதிகாலை 3.30க்கு முடியும். கிளிக் வரும், போனை எடுக்க ஆள் இருக்காது. அமைப்புகளில் நேர வலயம் என்னவென்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

கடைசியாகக் கொப்பி

கணினி காட்டுகிற 12 அழைப்பு, பொத்தானை 12 தடவை அழுத்தியது மட்டும்தான். தவறி அழுத்தியவரும், வெறும் விலை கேட்டவரும், ஒரே ஆள் இரண்டு தடவை அழுத்தியதும் அதற்குள் இருக்கும். அதனால் கடையில் போனுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வேண்டும். எடுப்பவர் கடைசியில் "எங்க பார்த்து எடுத்தனீங்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டு, திகதி, ஊர், என்ன பழுது, வேலை வந்ததா என்று நாலு சொல் எழுதினால் போதும். நம் கடையில் கொப்பியின்படி அந்த வாரம் விளம்பரம் பார்த்து எடுத்தவர்கள் ஏழு பேர், வேலையாக மாறியது நான்கு. 4,080ஐ நான்கால் பிரித்தால் ஒரு வேலைக்கு 1,020 ரூபாய் விளம்பரச் செலவு. ஒரு திருத்தத்தில் பொருட்செலவு போகக் கையில் நிற்பது 2,500 என்றால் தாங்கும், 1,200 என்றால் தாங்காது. இந்தக் கணக்கைக் கூகுள் போட்டுத் தராது.

அதே கொப்பியின் பின்பக்கத்தில் அந்த வாரத்துக்கு மூன்று வரி எழுதுங்கள்: செலவு, வேலை எத்தனை, என்ன மாற்றினீர்கள். மழை வெயிலையும் குறித்துவைக்க வேண்டும். சிறுபோகக் காலத்தில் பகலும் இரவும் பம்ப் ஓடும், பழுதும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி பிடித்துக் கிணறு நிறைந்துவிட்டால் தேடுகிறவர்களே குறைந்துவிடுவார்கள். அப்போது அழைப்புப் பாதியாகிவிட்டதே என்று வாசகத்தையும் விலையையும் மாற்றத் தொடங்காதீர்கள். விளம்பரம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்று சொல்கிற `Impressions` நிரலைப் பாருங்கள். அது விழுந்து, கிளிக்குக்கு இத்தனை அழைப்பு என்ற வீதம் அப்படியே நின்றால் குறைந்தது தேடுகிற ஆட்கள். `Impressions` அப்படியே இருக்க அழைப்பு மட்டும் விழுந்தால்தான் கோளாறு நம் பக்கம், அப்போது முதலில் உங்கள் போனிலேயே பக்கத்தைத் திறந்து அழைப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.